இதயப் பாடத்தைப் புரட்டிப் பார்ப்பது எப்படி?

முதலில் இடத்தைச் சுத்தமாக்கிக்கொள்ள வேண்டும். ஈரம் முழுக்கக் காய்ந்துவிடக் கூடாது. சொதசொதவென்றும் இருக்கக் கூடாது. எத்தனை வரிசை என்பதை முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது, பாதியில் மாற்றினால் எல்லாம் கெடும். இடைவெளி சீராக விழவேண்டும். சிலர் தொடங்கிய இடத்திலேயே கொண்டுவந்து முடிப்பார்கள். சிலர் துண்டு துண்டாகச் செய்து பிறகு சேர்ப்பார்கள். நடமாட்டம் தொடங்குவதற்குள் முடித்துவிட வேண்டும். எப்படியும் மறுநாள் மீண்டும் முதலிலிருந்துதான்.

இந்தப் பத்தியில் கடினமான சொல் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் படித்து முடித்தபோது கையில் எதுவும் தங்கியிருக்காது. தலைப்பு ‘கோலம்’ என்று தெரிந்த பிறகு இன்னொரு முறை படித்துப் பாருங்கள். ஈரம் எதற்கு, வரிசை எதன் வரிசை, நடமாட்டம் ஏன் கெடுக்கும் என்று ஒவ்வொரு வாக்கியமும் தன் இடத்தில் போய் உட்காரும்.

இதே சோதனையை 1972இல் அமெரிக்க உளவியலாளர்கள் ஜான் பிரான்ஸ்ஃபோர்டும் மார்சியா ஜான்சனும் முறையாகச் செய்து பார்த்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது துணி துவைப்பது பற்றிய ஒரு பத்தி. துணி என்றோ துவைப்பது என்றோ அதில் எங்கும் வராது. ஒரு குழுவுக்குப் பத்தியை மட்டும் வாசித்துக் காட்டினார்கள். இன்னொரு குழுவுக்கு முதலிலேயே தலைப்பைச் சொல்லிவிட்டு வாசித்தார்கள். மூன்றாவது குழுவுக்கு வாசித்து முடித்தபின் தலைப்பைச் சொன்னார்கள். முன்கூட்டித் தலைப்பைக் கேட்டவர்கள் மற்றவர்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விஷயங்களை நினைவில் வைத்திருந்தார்கள். வியப்பு மூன்றாவது குழுவில்தான். பிறகு தலைப்பைச் சொன்னதால் அவர்களுக்குப் பயன் ஏதும் இல்லை. தலைப்பே தெரியாதவர்கள் நிலையில்தான் இருந்தார்கள். கேட்கிறபோதே அடுக்கி வைக்க இடம் கிடைக்காத செய்தி அப்போதே சிதறிவிடுகிறது. பின்னால் வந்து பொறுக்கினால் கிடைப்பதில்லை.

பாடநூலில் தலைப்பு அச்சாகித்தானே இருக்கிறது, பிறகென்ன சிக்கல் என்று கேட்கலாம். பாடத்தின் பெயர் இருக்கிறது, உண்மை. ஆனால் இருபது பக்கப் பாடத்தில் பதினான்காம் பக்கத்துப் பத்தி எதற்காக அங்கே நிற்கிறது என்பதைப் பாடத்தின் பெயர் சொல்லாது. உள்தலைப்பு சொல்லும், படத்தின் கீழே உள்ள வரி சொல்லும், கடைசிப் பக்கத்துக் கலைச்சொல் பட்டியல் சொல்லும். முதல் வரியில் தொடங்கி வரிசையாக வாசித்துக்கொண்டு போகிறவருக்கு இவை ஒவ்வொன்றாக, தாமதமாகத்தான் கண்ணில் படுகின்றன. அதனால்தான் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்த பிரான்சிஸ் ராபின்சன், மாணவர்களுக்காக 1946இல் வெளியிட்ட நூலில், வாசிப்பதற்கு முன் பாடத்தை ஒரு முறை மேலோட்டமாகப் பார்ப்பதைத் தனிப் படியாகவே வைத்தார். இன்று பல நாடுகளில் சொல்லித்தரப்படும் படிப்பு முறைகளில் அந்த முதல் படி ஏதாவதொரு பெயரில் இருக்கிறது.

அது எப்படி நடக்கும் என்பதை ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு பார்ப்போம். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியலில் ‘தாவரங்களின் கடத்துதல் மற்றும் விலங்குகளின் சுற்றோட்டம்’ என்றொரு பாடம் உண்டு. மாணவர்கள் பேச்சில் அது ‘இதயப் பாடம்’. கையில் ஒரு பென்சில், ஒரு வெள்ளைத் தாள், பத்துப் பன்னிரண்டு நிமிடம், இவ்வளவு போதும்.

பாடத்தின் பெயரே முதல் தகவலைத் தந்துவிடுகிறது. நடுவில் ‘மற்றும்’ இருக்கிறது. அதாவது இது ஒட்டிவைத்த இரண்டு பாடம். உள்தலைப்புகளை மட்டும் பார்த்துக்கொண்டு பக்கங்களைத் தள்ளினால் ஒட்டு எங்கே என்று தெரிந்துவிடும். பரவல், சவ்வூடு பரவல், வேர்த்தூவி, நீராவிப்போக்கு என்று முதல் பாதி போகிறது. பிறகு இரத்தம், இரத்த நாளங்கள், இதயம் என்று இன்னோர் உலகம் தொடங்குகிறது. இரண்டையும் ஒரே மூச்சில் படிக்க வேண்டியதில்லை என்பது அப்போதே முடிவாகிவிடும். கூடவே ஒரு கேள்வியும் பிறக்கும். ஒரே பாடத்தில் இவற்றைச் சேர்த்தது ஏன்? இரண்டிலும் ஒரு திரவம் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகிறது. விலங்கில் அதைத் தள்ள இதயம் இருக்கிறது. மரத்தில் எது இருக்கிறது? இந்தக் கேள்வியைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நீராவிப்போக்கு என்ற தலைப்பை எட்டும்போது, இலையிலிருந்து நீர் ஆவியாகப் போவதுதான் கீழிருந்து நீரை மேலே இழுக்கிறது என்ற செய்தி அதற்கான விடையாக வந்து நிற்கும். கேள்வி இல்லாமல் போயிருந்தால் அது வெறும் இன்னொரு பத்தி.

இப்போது தலைப்புகளின் எண்களைப் பாருங்கள். பாடநூல்களில் பெரிய தலைப்புக்கு ஒரு புள்ளி, அதன் கீழே வருவதற்கு இரண்டு புள்ளி என்று எண் இட்டிருப்பார்கள். எது எதன் பிள்ளை என்று காட்டுவது அந்த எண்தான். எழுத்தின் அளவை மட்டும் நம்பினால் ஏமாறலாம். அதைவிட முக்கியமானது, ஒவ்வொரு தலைப்பும் எவ்வளவு இடத்தை எடுத்துக்கொள்கிறது என்பது. அரைப் பக்கத்தில் முடிகிற தலைப்பும், இரண்டு பக்கம் ஓடி மூன்று படம் வைத்திருக்கும் தலைப்பும் ஒரே எடை உள்ளவை அல்ல. இதயத்தின் அமைப்பும் இரத்த ஓட்டமும் கனமான பகுதிகள் என்பது புரட்டும்போதே கண்ணுக்குத் தெரியும்.

தலைப்பை அப்படியே குறித்துக்கொள்வதால் பெரிய பயன் இல்லை. ‘இதய ஒலிகள்’ என்று தாளில் எழுதினால் அது வெறும் பெயர். ‘லப்–டப் சத்தம் எதிலிருந்து வருகிறது?’ என்று எழுதினால் வேலை தொடங்கிவிடும். அதோடு நிற்காமல் ஒரு விடையையும் ஊகித்து எழுதுங்கள். பெரும்பாலோர் ‘இதயம் துடிப்பதால்’ என்று எழுதுவார்கள், அதாவது தசை சுருங்கும் சத்தம் என்று நினைப்பார்கள். அது தப்பு. வால்வுகள் மூடும்போது எழும் சத்தம் அது. மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் இடையே உள்ள வால்வுகள் மூடும்போது ‘லப்’. தமனிகள் புறப்படும் வாயிலில் உள்ள வால்வுகள் மூடும்போது ‘டப்’. தப்பாக ஊகித்தவருக்கு இந்த விடை கொஞ்சம் கூடுதலாகவே ஒட்டிக்கொள்ளும். ரிச்லண்ட், கார்னெல், காவ் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட சோதனைகளில், பாடத்தைப் படிப்பதற்கு முன் கேள்விக்கு விடை சொல்ல முயன்றவர்கள், அந்த விடை தவறாக இருந்தபோதும், பின்னர் அந்தப் பகுதியை நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். ஆகவே ஊகத்தை எழுத வெட்கப்பட வேண்டாம். தாள் உங்களுடையதுதான்.

எல்லாத் தலைப்பும் இப்படி உதவாது. வரலாற்றுப் பாடத்தில் ‘காரணங்கள், போக்கு, விளைவுகள்’ என்றிருந்தால் அந்தத் தலைப்புகள் எந்தப் போருக்கும் பொருந்தும். அங்கே தலைப்பை விட்டுவிட்டு வரைபடத்துக்கும் ஆண்டுகளுக்கும் போவது மேல். கணக்குப் பாடத்தில் தலைப்பைவிட எடுத்துக்காட்டுக் கணக்குகள்தான் பாடத்தின் வடிவத்தைச் சொல்லும். நமது இதயப் பாடத்துக்கே திரும்புவோம்.

பாடத்தை முன்னோட்டம் பார்ப்பவர்களில் பலர் படங்களைப் பார்க்கிறார்கள், படக்குறிப்பைப் படிப்பதில்லை. என்னைக் கேட்டால், ஐந்து நிமிடம்தான் இருக்கிறது என்றால் அந்த ஐந்தையும் படத்துக்கும் அதன் கீழே உள்ள வரிக்குமே கொடுக்கச் சொல்வேன். நூலாசிரியர் எங்கே சொல்லால் மட்டும் விளக்க முடியாது என்று நினைத்தாரோ அங்கேதான் படம் போட்டிருப்பார். பாடத்தின் கடினமான இடம் பெரும்பாலும் அதுவே.

மனித இதயத்தின் உள்ளமைப்புப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் குறித்த கோடுகளை நிதானமாகப் பின்தொடர்ந்தால் முதலில் ஒரு குழப்பம் வரும். ‘வலது ஏட்ரியம்’ என்று குறித்திருப்பது படத்தின் இடப்பக்கத்தில் இருக்கிறது. அச்சுப் பிழை இல்லை. எதிரே நிற்கும் ஒருவரின் இதயத்தைப் பார்ப்பதுபோல் படம் வரையப்பட்டிருக்கிறது. அவருடைய வலது, நமக்கு இடது. இது தெரியாமல் பாடத்தைப் படிக்கிறவர், ‘வலது வென்ட்ரிக்கிளிலிருந்து இரத்தம் நுரையீரலுக்குச் செல்கிறது’ என்ற வரிக்குப் படத்தில் தப்பான அறையைப் பார்த்துக்கொண்டிருப்பார். வரி சரியாக இருக்கும், படம் சரியாக இருக்கும், இரண்டும் மனத்தில் மட்டும் ஒட்டாது. பாடம் கஷ்டம் என்று புத்தகத்தை மூடிவைப்பவர்களில் எத்தனை பேர் இந்த இடத்தில் மூடினார்களோ!

அடுத்தது வண்ணம். இதயப் படங்களில் சிவப்பும் நீலமும் இருக்கும். சிவப்பு ஆக்சிஜன் மிகுந்த இரத்தம், நீலம் ஆக்சிஜன் குறைந்த இரத்தம். நீல இரத்தம் என்று எதுவும் உடம்பில் கிடையாது. ஆக்சிஜன் குறைந்த இரத்தம் கருஞ்சிவப்பாக இருக்கும்; நீலம் வரைபவர்களின் ஏற்பாடு. இதைத் தெரிந்துகொண்டு படத்தைப் பார்த்தால், இதயத்திலிருந்து புறப்படும் பெரிய குழாய்களில் ஒன்று சிவப்பாகவும் மற்றொன்று நீலமாகவும் இருப்பது கண்ணில் படும். நீலக் குழாயின் பெயர் நுரையீரல் தமனி. தமனி என்றால் நல்ல இரத்தம் கொண்டுபோவது என்று கேள்விப்பட்டவருக்கு இங்கே இடறும். இடறட்டும். தாளில் எழுதுங்கள்: ‘நுரையீரல் தமனி மட்டும் ஏன் நீலம்?’

அதே படத்தில் இன்னொன்று. இடது வென்ட்ரிக்கிளின் சுவர் வலது வென்ட்ரிக்கிளின் சுவரைவிடத் தடிமனாக வரையப்பட்டிருக்கும். ஓவியரின் கை தவறவில்லை. ஏன் தடிமன் என்ற கேள்வியோடு உள்ளே போனால், வலது பக்கம் அருகிலுள்ள நுரையீரலுக்கும் இடது பக்கம் உடல் முழுவதற்கும் இரத்தத்தைத் தள்ளுகிறது என்ற செய்தி ஒரே வாசிப்பில் நின்றுவிடும்.

படத்துக்கு அடுத்து அட்டவணை. தமனிக்கும் சிரைக்கும் உள்ள வேறுபாடுகளை இரண்டு பத்தியாகப் பிரித்துப் போட்டிருப்பார்கள். முன்னோட்டத்தில் அதை முழுக்கப் படிக்க வேண்டாம். ‘தவிர’ என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று மட்டும் தேடுங்கள். தமனிகள் ஆக்சிஜன் மிகுந்த இரத்தத்தைக் கொண்டு செல்கின்றன, நுரையீரல் தமனியைத் தவிர; சிரைகளுக்கும் அப்படியே, நுரையீரல் சிரையைத் தவிர. விதிவிலக்கு இருக்கும் இடம் கேள்வித்தாள் தயாரிப்பவர் விரும்பும் இடமும்கூட.

இங்கேதான் கலைச்சொல் பட்டியலுக்கு வேலை வருகிறது. நூலுக்கு நூல் அதன் பெயர் மாறும். சிலவற்றில் பாடத்தின் முடிவில் இருக்கும், சிலவற்றில் நூலின் கடைசியில். பலர் செய்வது அதை மேலிருந்து கீழ்வரை மனப்பாடம் செய்வது. பாடத்தைப் படிக்காமல் ஒப்புவிக்கும் வரையறை ஒருநாள்கூட நிற்பதில்லை. அதற்குப் பதிலாக, பட்டியலில் விளக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு சொல்லை மட்டும் பாருங்கள். தெரிந்த சொல்லைத் தாண்டிப் போங்கள். அறவே தெரியாத சொல்லுக்கு ஒரு புள்ளி வையுங்கள். ‘ஏதோ தெரியும்’ என்று தோன்றும் சொல்லுக்கு மட்டும் ஒரு வட்டம் போட்டு, கையை எடுத்து விளக்கத்தைப் படியுங்கள்.

வட்டமிட்ட சொற்கள்தான் ஆபத்தானவை. தெரியாத சொல் வந்தால் வாசகர் நிற்பார், தேடுவார். பாதி தெரிந்த சொல் அவரை நிற்கவிடாமல் தப்பான அர்த்தத்தோடு அழைத்துப் போய்விடும். ‘தமனி’ அப்படிப்பட்ட சொல். அதன் வரையறையைப் பார்த்தால் இதயத்திலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டுசெல்லும் நாளம் என்றிருக்கும். ஆக்சிஜனைப் பற்றிய பேச்சு வரையறையில் கிடையாது. போகும் திசைதான் பெயரைத் தீர்மானிக்கிறது. இதயத்தைவிட்டுப் போகிறது, ஆகவே தமனி. நுரையீரலில் ஆக்சிஜனை வாங்கப் போகிறது, ஆகவே நீலம். படத்தைப் பார்த்தபோது எழுதிய கேள்விக்குப் பாடத்தைத் தொடங்கும் முன்பே பாதி விடை கிடைத்துவிட்டது.

பிறகு பாடத்தின் முடிவில் உள்ள வினாக்களை ஒரு நோட்டம் விடலாம். விடை தேடப் போகக் கூடாது. ‘வேறுபடுத்துக’, ‘காரணம் கூறுக’, ‘படம் வரைந்து பாகம் குறி’ என்று எந்தப் பகுதிக்கு எவ்வகை வேலை வரும் என்று மட்டும் பார்த்தால் போதும்.

இந்தப் பத்து நிமிடத்தின் முடிவில் தாளில் பத்து இருபது வரி இருக்க வேண்டியதில்லை. ஐந்தாறு கேள்வி போதும். இதயப் பாடத்துக்கு அவை ஏறக்குறைய இப்படி இருக்கும்: மரத்தில் நீரை மேலே ஏற்றுவது எது? நுரையீரல் தமனி ஏன் நீலம்? இடது கீழறைச் சுவர் ஏன் தடிமன்? லப்–டப் எதன் சத்தம்? இரத்த அழுத்தத்தை 120/80 என்று ஏன் இரண்டு எண்ணாகச் சொல்கிறார்கள்? கடைசியாக ஒன்று, தலைப்பிலிருந்து வந்தது. சுற்றோட்டத்தின் வகைகளில் ‘கரோனரி’ என்று ஒன்று வருகிறது, இதயத்துக்கே இரத்தம் கொடுப்பது என்கிறார்கள். உள்ளே எப்போதும் இரத்தம் நிறைந்திருக்கும் உறுப்புக்குத் தனியாக எதற்குக் குழாய்?

இந்தக் கடைசிக் கேள்விதான் வீட்டில் பெரியவர்களும் காது கொடுப்பது. அறைகளுக்குள் இருக்கும் இரத்தம் தடித்த தசைச் சுவரின் உள்ளே வரை போய் ஊட்டம் கொடுக்க முடியாது. ஆகவே பெருந்தமனி தொடங்கும் இடத்திலேயே கிளைகள் பிரிந்து இதயத் தசைக்குள் போகின்றன. அந்தக் கிளைகளில் அடைப்பு ஏற்பட்டால் வருவதுதான் மாரடைப்பு. 120/80 கேள்விக்கும் விடை பாடத்திலேயே இருக்கிறது: கீழறை சுருங்கும்போது தமனியில் இருக்கும் அழுத்தம் பெரிய எண், தளரும்போது இருப்பது சிறிய எண்.

முன்னோட்டத்தில் ஒரு பெரிய கோளாறும் உண்டு. தலைப்புகள் பழகிவிட்டதும் பாடமே தெரிந்துவிட்டதுபோல ஓர் எண்ணம் வரும். தேர்வுக்கு முந்தைய இரவு பக்கங்களைப் புரட்டிவிட்டு ‘எல்லாம் பார்த்தாச்சு’ என்று தூங்கப் போகிறவர்களிடம் இருப்பது அதுதான். பார்த்தது பழக்கம், அறிவு அல்ல என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. புத்தகத்தை மூடிவிட்டு, ‘இதயச் சுழற்சி’ என்ற தலைப்பின்கீழ் என்ன சொல்லியிருக்கிறது என்று ஒரு வாக்கியம் சொல்லிப் பாருங்கள். மேலறைகள் சுருங்கி, பிறகு கீழறைகள் சுருங்கி, பிறகு எல்லாம் தளரும் ஒரு சுற்று, அதற்கு ஏறக்குறைய 0.8 விநாடி என்று வாயில் வந்தால் படித்திருக்கிறீர்கள். ‘அது வந்து, இதயம் சுழல்வது’ என்று வந்தால் தலைப்பை மட்டும்தான் பார்த்திருக்கிறீர்கள். இன்னொரு குறையும் சொல்லவேண்டும். கேள்வி எழுதிக்கொண்டு படிப்பவருக்கு அந்தக் கேள்விக்குள் வராத செய்திகள் மங்கிப்போகலாம். நிணநீர் மண்டலம் மாதிரி கடைசியில் நிற்கும் சின்னப் பகுதிக்கும் ஒரு கேள்வியாவது வைத்துக்கொள்வது அதனால்தான்.

சொல்லடைவை இவ்வளவு நேரம் தொடவில்லை. காரணம், நம் பள்ளிப் பாடநூல்களில் பக்க எண்களோடு கூடிய சொல்லடைவைப் பெரும்பாலும் பார்க்க முடியாது. உ.வே.சாமிநாதையர் தம் பதிப்புகளில் பின்னால் அரும்பத அகராதி சேர்த்துக் கொடுத்த தமிழில் இந்த வழக்கம் ஏன் பாடநூலுக்கு வரவில்லை என்பது எனக்கு விளங்காத ஒன்று. கல்லூரிக்குப் போய் மருத்துவமோ உயிரியலோ எடுக்கிறவர் ஆயிரம் பக்க நூலைத் தூக்கும்போது திடீரென்று அது கிடைக்கும். அதை எப்படிப் பயன்படுத்துவது என்று யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

சொல்லடைவு ஒரு பாடத்துக்குள் இருப்பதைக் காட்டுவதைவிட, அந்தப் பாடத்துக்கு வெளியே இருப்பதைக் காட்டுவதில்தான் வல்லது. இதயப் பாடத்தைத் தொடங்குமுன் ‘ஹீமோகுளோபின்’ என்ற சொல்லை அங்கே தேடுங்கள். பக்க எண்கள் தொடர்ச்சியாக, 210–214 என்பதுபோல, இருந்தால் அங்கே அதைப் பற்றி விரிவான விளக்கம் இருக்கிறது. 88, 213, 371 என்று தனித்தனியாகச் சிதறியிருந்தால் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கிறார்கள். தடித்த எழுத்தில் ஓர் எண் இருந்தால், பல நூல்களில் அது வரையறை அல்லது படம் இருக்கும் பக்கம். அதன் பொருள் என்ன என்று சொல்லடைவின் தொடக்கத்தில் ஒரு வரி எழுதியிருப்பார்கள். இப்போது உங்கள் பாடத்தின் பக்கங்களுக்கு முன்னால் வரும் எண்களைப் பாருங்கள். சுவாசம் பற்றிய பாடத்தில் ஹீமோகுளோபினை மூன்று பக்கம் விளக்கியிருந்தால், நூலாசிரியர் அது உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் இதயப் பாடத்தை எழுதியிருக்கிறார். அந்த மூன்று பக்கத்தை முதலில் படித்துவிடுவது நல்லது.

தேடிய சொல் சொல்லடைவில் இல்லையென்றால் உடனே கைவிட வேண்டாம். ‘ஆரிக்கிள்’ என்று தேடுகிறீர்கள், நூலில் ‘ஏட்ரியம்’ என்று இருக்கலாம். நல்ல சொல்லடைவில் ‘ஆரிக்கிள்: ஏட்ரியம் காண்க’ என்று வழிகாட்டியிருப்பார்கள், இல்லாதபோது ‘இதயம்’ என்ற பெரிய சொல்லின் கீழே உள்ள உட்பிரிவுகளில் பார்க்கலாம்.

சொல்லடைவு இல்லாத பாடநூலுக்கு மின்னூலில் Ctrl+F போட்டுத் தேடலாமே என்று தோன்றும். ஆங்கில நூலில் அது நன்றாக வேலை செய்யும். தமிழ் மின்னூல்கள் பலவற்றில் எழுத்துரு பழைய முறையில் பதிந்திருப்பதால், கண்முன் ‘தமனி’ என்று தெரிந்தாலும் தேடினால் ஒன்றும் அகப்படாது. அப்படி இருந்தால் முன்னோட்டத்தில் வட்டமிட்ட ஐந்தாறு சொற்களை எடுத்துக்கொண்டு, பாடத்தைப் படிக்கப் படிக்க ஒவ்வொன்றுக்கும் எதிரே பக்க எண்ணைப் பென்சிலால் நூலின் கடைசி வெற்றுப் பக்கத்தில் குறித்துக்கொண்டு போகலாம். தமனி, சிரை, வால்வு, ஹீமோகுளோபின், சிஸ்டோல், நிணநீர் என்று அந்தப் பட்டியல் அரைப் பக்கத்துக்குள் முடியும். அடுத்த பாடங்களில் இதே சொற்கள் மீண்டும் வரும்போது எண்ணை அங்கேயே சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.